போர்டு ரிப்போர்ட் டேபிளுக்குக் கீழே எழுதும் அந்த ஒரு பாரா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூல் மில் கணக்குப் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். மாதாமாதம் போர்டுக்குப் போகும் ரிப்போர்ட்டைத் தயாரிக்கும் பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணத்துக்கு ஒரே ஒரு செலவை, மின்செலவை மட்டும், கடைசிவரை எடுத்துக்கொண்டேன். எண்கள் கணக்கு எளிதாகப் புரிய நான் வைத்தவை.

டேபிள்லயே எல்லா நம்பரும் இருக்கே சார், அதுக்குக் கீழ பாரா எதுக்கு?

டேபிள் எவ்வளவு மாறியது என்று சொல்லும், ஏன் மாறியது என்று சொல்லாது. மின்செலவு 104 லட்சத்திலிருந்து 110.7 லட்சமாகிவிட்டது என்பதைப் பார்த்ததும் டைரக்டருக்கு மூன்று கேள்வி வரும். எதனால் ஏறியது? அடுத்த மாதமும் இப்படித்தான் இருக்குமா? நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பாராவின் வேலை இந்த மூன்றுக்கும் பதில் சொல்வதுதான்.

இன்னொன்றும் உண்டு. 2013 கம்பெனிகள் சட்டப்படி வருடத்துக்குக் குறைந்தது நான்கு போர்டு மீட்டிங் நடந்தால் போதும், இரண்டுக்கு நடுவில் 120 நாளுக்கு மேல் இடைவெளி கூடாது, அவ்வளவுதான். பல மில்களில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் கூடுகிறார்கள். நடுவில் உள்ள மாதங்களின் ரிப்போர்ட் மெயிலில்தான் போகிறது. வெளியூரில் இருக்கும் டைரக்டர் ராத்திரி பத்து மணிக்கு போனில் அதைத் திறக்கும்போது விளக்கம் சொல்ல நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். பாராதான் இருக்கும்.

டேபிள்ல பதினைந்து வரி இருக்கு. பதினைந்துக்கும் எழுதணுமா?

வேண்டாம். எது எழுதத் தக்க மாற்றம் என்று ஒரு அளவை போர்டிடமே ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "5 சதவீதத்துக்கு மேல், அதோடு 2 லட்சத்துக்கும் மேல்" என்பது போல. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். சதவீதத்தை மட்டும் வைத்தால் ஸ்டேஷனரி செலவு இரட்டிப்பானதற்குப் பாரா எழுதிக்கொண்டிருப்பீர்கள். தொகையை மட்டும் வைத்தால் பஞ்சுக் கணக்கில் மாதாமாதம் வரும் சாதாரண ஏற்ற இறக்கம்கூட எழுத வேண்டியதாகிவிடும்.

அந்த அளவை ஒரு மாதம்போல் எல்லா மாதமும் வைத்திருங்கள். மோசமான மாதத்தில் அளவைத் தளர்த்துவதைக் கவனிக்கிற டைரக்டர் ஒருவராவது இருப்பார்.

முதல் வாக்கியம் எப்படி ஆரம்பிக்கிறது? எனக்கு அங்கதான் கை நின்னுடுது.

பெரும்பாலோர் "இம்மாதம் மின்செலவு சென்ற மாதத்தைவிட அதிகரித்துள்ளது" என்று ஆரம்பிக்கிறார்கள். அது டேபிளை வாய்விட்டுப் படிப்பது. படிக்கிறவருக்கு ஒரு வரி வீண்.

தொழிலில் இருக்கிறவர்கள் எந்த எண்ணை மனதில் வைத்து யோசிக்கிறார்களோ அதில் ஆரம்பியுங்கள். நூல் மில்லில் அது கிலோவுக்கு எவ்வளவு என்பது. மொத்தச் செலவு 6.4 சதவீதம்தான் கூடியிருக்கிறது, ஆனால் கிலோவுக்கு 26 ரூபாயிலிருந்து 30 ரூபாய் 75 காசாக, அதாவது 18 சதவீதத்துக்கு மேல் கூடியிருக்கிறது என்றால், சொல்ல வேண்டிய செய்தி இரண்டாவதுதான். முதல் வாக்கியம் அதுவாகவே இருக்கட்டும்.

வித்தியாசம் 6.7 லட்சம்னு தெரியுது. ஆனா அது ஏன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்தக் கேள்விக்குத்தான் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். டேபிள் இப்படி இருக்கிறது என்று வையுங்கள் (டிமாண்ட் சார்ஜை இதில் சேர்க்கவில்லை, அது தனி வரி):

| | செப்டம்பர் 2025 | அக்டோபர் 2025 |
|---|---|---|
| உற்பத்தி (கிலோ) | 4,00,000 | 3,60,000 |
| கிலோவுக்கு யூனிட் | 4.0 | 4.1 |
| யூனிட்டுக்குச் சராசரி ரூபாய் | 6.50 | 7.50 |
| மின்செலவு (லட்சம்) | 104.0 | 110.7 |

மின்செலவு என்பது மூன்று எண்களின் பெருக்கல்: எத்தனை கிலோ ஓட்டினோம், ஒரு கிலோவுக்கு எத்தனை யூனிட் எரிந்தது (மில்லில் யுகேஜி என்பார்கள்), ஒரு யூனிட்டுக்கு என்ன கொடுத்தோம். ஆகவே வித்தியாசத்தையும் மூன்றாகத்தான் பிரிக்க வேண்டும். ஷீட்டில் செப்டம்பர் B நெடுவரிசையிலும் அக்டோபர் C நெடுவரிசையிலும், உற்பத்தி 2-ஆம் வரியிலும் யுகேஜி 3-லும் விலை 4-லும் இருந்தால்:

```
=(C2-B2)*B3*B4
=C2*(C3-B3)*B4
=C2*C3*(C4-B4)
```

முதலாவது உற்பத்தியால் வந்தது: 40,000 கிலோ குறைந்ததால் செலவு 10.4 லட்சம் குறைகிறது. இரண்டாவது எரிப்பால் வந்தது: கிலோவுக்கு 0.1 யூனிட் கூடியதால் 2.34 லட்சம் ஏறுகிறது. மூன்றாவது விலையால் வந்தது: யூனிட்டுக்கு ஒரு ரூபாய் கூடியதால் 14.76 லட்சம் ஏறுகிறது. கூட்டிப் பார்த்தால் சரியாக 6.7 லட்சம். வரவில்லையென்றால் எங்கோ தவறான செல்லை எடுத்திருக்கிறீர்கள், அதைச் சரிசெய்யாமல் பாராவுக்குப் போகாதீர்கள்.

இப்போது பாருங்கள், 6.7 லட்சம் என்று டேபிள் அமைதியாகச் சொன்னதற்குள் கிட்டத்தட்ட 17 லட்சம் ஏற்றம் ஒளிந்திருக்கிறது. உற்பத்தி குறைந்ததுதான் அதை மறைத்துவிட்டது. உற்பத்தி குறைந்து மிச்சமான காசை மிச்சமென்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மில் மேனேஜர் "காத்து நின்னுபோச்சு, அதான்"னு சொல்றார். அப்படியே எழுதிடலாமா?

அவர் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தமிழ்நாட்டில் காத்தாடி சீசன் சுமார் மே முதல் செப்டம்பர் வரைதான். பாலக்காட்டுக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கிற மாதங்கள் அவை. அக்டோபரில் காற்றாலை யூனிட் குறைந்து மின்வாரிய யூனிட் கூடுவது வருடா வருடம் நடப்பது.

ஆனாலும் கேட்டதை எழுதாதீர்கள், பார்த்ததை எழுதுங்கள். காற்றாலை யூனிட் நமக்கு 4 ரூபாய், மின்வாரிய யூனிட் 9 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பரில் பாதிக்குப் பாதி: சராசரி 6.50. அக்டோபரில் காற்றாலைப் பங்கு 30 சதவீதமாக இறங்கினால் 4-ஐ 0.3-ஆலும் 9-ஐ 0.7-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 7.50. டேபிளில் உள்ள எண்ணே வந்துவிட்டது. அப்படியானால் ஒரு ரூபாய் ஏற்றம் முழுவதற்கும் காற்றுதான் காரணம், வேறெதுவும் இல்லை என்று தைரியமாக எழுதலாம். ஒருவேளை கணக்கு 7.20-தான் தருகிறது என்றால் மீதி 30 காசு எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். பீக் அவரில் அதிகம் ஓட்டினார்களா, கட்டணம் மாறியதா, ஏதாவது ஒரு காத்தாடி ரிப்பேரில் நின்றதா என்று பாருங்கள். காற்று அடிக்காமல் நின்றதும் கியர் பாக்ஸ் போய் நின்றதும் ஷீட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். போர்டுக்கு அவை இரண்டும் வேறு வேறு செய்தி.

யுகேஜி கூடியதற்கும் இப்படித்தான். தினசரிப் பதிவை எடுத்துப் பார்த்தால், தீபாவளிக்கு முன்பு 19 நாளும் 4.0-தான். 20 முதல் 22 வரை லீவு. 23-க்குப் பிறகுள்ள ஒன்பது நாளில்தான் 4.3-ஐத் தாண்டியிருக்கிறது. ஊருக்குப் போன ஆட்கள் முழுதாகத் திரும்பவில்லை, பல ஃபிரேம் சும்மா நின்றது. ஆனால் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டும் கம்ப்ரஸரும் எத்தனை ஃபிரேம் ஓடுகிறது என்று பார்த்தா ஓடும்? நூல் குறைய, கிலோவுக்கு யூனிட் ஏறிவிட்டது. மாதச் சராசரியை மட்டும் பார்த்திருந்தால் "மெஷின் பழசாகிவிட்டது" என்று யாராவது ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள், நீங்களும் எழுதியிருப்பீர்கள்.

முழுப் பாரா ஒண்ணு எழுதிக் காட்டுங்க சார்.

முதலில் நான் வழக்கமாகத் திருத்துகிற மாதிரி ஒன்று:

"இம்மாதம் மின்செலவு சென்ற மாதத்தைவிட 6.4 சதவீதம் அதிகரித்துள்ளது. பருவகாலக் காரணங்களாலும் பண்டிகைக் காலச் சூழலாலும் இந்த அதிகரிப்பு ஏற்பட்டுள்ளது. செலவைக் கட்டுப்படுத்தத் தேவையான நடவடிக்கைகள் எடுக்கப்பட்டு வருகின்றன."

பொய் ஒன்றுமில்லை. ஆனால் எந்த மாதத்துக்கும் எந்தச் செலவுக்கும் இதை ஒட்டலாம். அதே மாதத்துக்கு நான் எழுதினால்:

"மின்செலவு கிலோவுக்கு ரூ.26.00-லிருந்து ரூ.30.75 ஆனது, மொத்தத்தில் ரூ.6.7 லட்சம் கூடுதல். காத்தாடி சீசன் முடிந்து காற்றாலை மின்சாரத்தின் பங்கு 50 சதவீதத்திலிருந்து 30 சதவீதமாகக் குறைந்ததால் ரூ.14.8 லட்சம் கூடியது. தீபாவளி லீவுக்குப் பின் ஆட்கள் தாமதமாகத் திரும்பியதால் யுகேஜி 4.1 ஆகி மேலும் ரூ.2.3 லட்சம் கூடியது. நவம்பர் முதல் வாரத்தில் எல்லா ஷிஃப்டும் நிரம்பிவிட்டதால் இது தொடராது. உற்பத்தி 40 டன் குறைந்ததால் செலவில் ரூ.10.4 லட்சம் குறைந்தது, இது சிக்கனத்தால் வந்ததல்ல. காற்றாலைப் பங்கு மே வரை உயர வழியில்லை. நவம்பரில் கிலோவுக்கு ரூ.30 முதல் 31 வரை எதிர்பார்க்கிறோம்."

ஏழு வாக்கியம். இதற்கு மேல் போனால் பாதியில் நிறுத்திவிடுவார்கள். எது தொடரும், எது தொடராது என்று இரண்டையும் பிரித்துச் சொன்னதைக் கவனியுங்கள். டைரக்டர் முதலில் தேடுவது அதைத்தான்.

போன மாசத்தோட ஒப்பிடணுமா, போன வருஷம் இதே மாசத்தோடயா, பட்ஜெட்டோடயா?

ஒவ்வொன்றிலும் ஒரு குழி இருக்கிறது. போன மாதத்தோடு ஒப்பிட்டால் காத்தாடி சீசன் ஏறும்போது எல்லாரும் கெட்டிக்காரர்கள், இறங்கும்போது எல்லாரும் குற்றவாளிகள். மேலே எழுதிய பாராவிலும் அந்தக் குறை உண்டு. அக்டோபரில் பங்கு குறையும் என்பது முன்பே தெரிந்தது, ஆகவே பட்ஜெட்டில் அக்டோபருக்கு எத்தனை சதவீதம் போட்டிருந்தோம் என்று ஒரு வார்த்தை சேர்த்தால் பாரா இன்னும் பலமாகும். பட்ஜெட்டிலும் 30 என்றால் அது எதிர்பார்த்த ஏற்றம். பட்ஜெட்டில் 40 என்றால் பேச வேண்டியது அந்தப் பத்து சதவீதத்தைப் பற்றித்தான்.

போன வருட இதே மாதம் காற்றுக்குப் பொருத்தம், தீபாவளிக்குப் பொருத்தமில்லை. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. போன வருடம் அக்டோபர் கிட்டத்தட்ட முழு மாதமும் ஓடியது, லீவின் பாதிப்பு நவம்பரில்தான் தெரிந்தது. இந்த வருடம் அது முழுக்க அக்டோபரில். தேதியைச் சொல்லாமல் "சென்ற ஆண்டைவிட உற்பத்தி குறைவு" என்று எழுதினால், அடுத்த மாதம் "சென்ற ஆண்டைவிட உற்பத்தி அமோகம்" என்றும் எழுத வேண்டிவரும். இரண்டும் பஞ்சாங்கம் செய்த வேலை. இப்படிப்பட்ட மாதங்களில் அக்டோபர், நவம்பர் இரண்டையும் சேர்த்து ஒப்பிடுவது நல்லது.

ஈபி பில் இன்னும் வரல. புரொவிஷன் போட்டுத்தான் டேபிள் போட்டிருக்கேன். அதைச் சொல்லணுமா?

கட்டாயம். "காற்றாலை அட்ஜஸ்ட்மென்ட் வராததால் ரீடிங்கை வைத்து மதிப்பிட்டது" என்று ஒரு துண்டு வாக்கியம் போதும். இல்லையென்றால் அடுத்த மாதம் மாட்டிக்கொள்வீர்கள்.

எப்படி மாட்டுவோம் என்று சொல்கிறேன். செப்டம்பரில் 3 லட்சம் குறைவாகப் புரொவிஷன் போட்டுவிட்டோம் என்று வையுங்கள். உண்மையான பில் அக்டோபரில் வந்ததும் அந்த 3 லட்சமும் அக்டோபர் தலையில் விழும். அதாவது செப்டம்பர் இருந்ததைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், அக்டோபர் இருப்பதைவிட மோசமாகத் தெரியும். இரண்டு மாதத்துக்கும் நடுவில் 6 லட்சம் வித்தியாசம் வந்து நிற்கும், தொழிலில் ஒன்றுமே நடக்காமல். நான் ஆரம்ப காலத்தில் இப்படி ஒரு வித்தியாசத்துக்கு மெஷின் காரணம் சொல்லி எழுதிவிட்டேன். மெயின்டனன்ஸ் ஆட்கள் ஒரு வாரம் ஏர் லீக் தேடினார்கள். பழைய மாதத்தின் தொகையை டேபிளில் தனி வரியாகக் காட்டிவிட்டு, பிறகு மீதியை மட்டும் மூன்றாகப் பிரியுங்கள்.

இந்த மாசம் வித்தியாசமே இல்ல. எழுத ஒண்ணுமில்லதானே?

நாலாவது கேள்வியில் போட்ட பிரிப்பை அப்போதும் போட்டுப் பாருங்கள். விலை 12 லட்சம் ஏற்றி, உற்பத்தி 12 லட்சம் இறக்கினால் டேபிளில் பூஜ்யம்தான் தெரியும். அது நான் பார்த்ததிலேயே ஆபத்தான பூஜ்யம், ஏனென்றால் அடுத்த மாதம் உற்பத்தி பழையபடி ஏறியதும் செலவு திடீரென்று குதிக்கும், எல்லாரும் அந்த மாதத்தில் காரணம் தேடுவார்கள். மூன்று பகுதியும் சின்னதாகவே இருந்தால் "குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை" என்று எழுதி விட்டுவிடுங்கள்.

வரிசையை மாத்திப் போட்டா தொகை மாறுதே சார்? விலையை முதல்ல எடுத்தா 14.76-க்குப் பதிலா 16 வருது.

வரும். விலையை முதலில் எடுத்தால் செப்டம்பரின் 16 லட்சம் யூனிட்டும் ஒரு ரூபாய் ஏறியதாகக் கணக்காகும்: 16 லட்சம். பிறகு உற்பத்தி புது விலையில் 12 லட்சம் குறைக்கும், யுகேஜி 2.7 லட்சம் கூட்டும். மொத்தம் அதே 6.7. இரண்டு காரணமும் ஒரே நேரத்தில் மாறும்போது, இரண்டும் சேர்ந்து உண்டாக்கிய பங்கை யார் கணக்கில் வைப்பது என்பதில்தான் இந்த வித்தியாசம். எது சரி என்று சண்டை போடத் தேவையில்லை. ஒரு வரிசையை எடுத்துக்கொண்டு எல்லா மாதமும் அதையே பின்பற்றுங்கள். மாதத்துக்கு மாதம் வசதியான வரிசையை எடுப்பதுதான் தப்பு.

டிமாண்ட் சார்ஜைத் தனி வரி என்று சொன்னதற்கும் இதே மாதிரி ஒரு காரணம்தான். அது பதிவான டிமாண்டுக்கோ ஒப்பந்த டிமாண்டின் 90 சதவீதத்துக்கோ, எது அதிகமோ அதற்கு வரும். மூன்று நாள் மில்லை நிறுத்தினால் அது குறையாது. அதையும் யூனிட் விலைக்குள் கலந்துவிட்டால், உற்பத்தி குறைந்ததால் மிச்சமானது என்று நீங்கள் காட்டும் தொகை உண்மையில் மிச்சமாகியிருக்காது.

எவ்வளவு தேடியும் காரணம் கிடைக்கல. என்ன எழுதுறது?

கிடைத்தவரை எழுதி, கிடைக்காததைத் தொகையோடு சொல்லுங்கள். "மீதி ரூ.1.8 லட்சத்துக்குக் காரணம் இன்னும் தெரியவில்லை. கம்ப்ரஸர் லைனில் தனி மீட்டர் வைத்து 15-ஆம் தேதிக்குள் பார்த்துச் சொல்கிறோம்." தொகையும் தேதியும் இருந்தால் இதை யாரும் குறையாக எடுப்பதில்லை. "இதர காரணங்கள்" என்று எழுதினால் எடுப்பார்கள்.

எம்.டி. "உற்பத்தி குறைஞ்சதாலதான் மிச்சம்னு எழுத வேண்டாம், சும்மா விடு"ங்கிறார். நான் என்ன பண்றது?

அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கலாம். பேங்க் ஆட்களுக்கும் இதே ரிப்போர்ட் போகும், வார்த்தை கடுமையாக இருக்க வேண்டாம் என்று நினைப்பார். "இது சிக்கனத்தால் வந்ததல்ல" என்ற துண்டை எடுத்துவிட்டு, "உற்பத்தி 40 டன் குறைந்ததால் ரூ.10.4 லட்சம் குறைந்தது" என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். வார்த்தையில் விட்டுக்கொடுங்கள், எண்ணில் விட்டுக்கொடுக்காதீர்கள். எண் இருந்தால் படிக்கத் தெரிந்தவர் படித்துக்கொள்வார்.

எண்ணையே எடுக்கச் சொன்னால், அவரிடம் டேபிளைக் காட்டுங்கள்: "கிலோ வரியும் செலவு வரியும் மேலேயே இருக்கு சார், டைரக்டர் யாராவது வகுத்துப் பார்த்தால் நாம் சொல்லாதது தெரிந்துவிடும்." என் அனுபவத்தில் இதற்கு மேல் பேச வேண்டியிருந்ததில்லை.

போன மாசம் "கிலோவுக்கு 30 முதல் 31"னு எழுதினேன். இப்ப 32.40 வந்திருக்கு. அதைப் பத்திப் பேசாம விட்டுடலாமா?

போன மாதப் பாராவை டைரக்டர்களும் வைத்திருக்கிறார்கள். முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: "ரூ.30 முதல் 31 வரை எதிர்பார்த்தோம், ரூ.32.40 வந்தது." பிறகு நாலாவது கேள்வியின் பிரிப்பையே போடுங்கள், இந்தத் தடவை போன மாதத்துக்குப் பதில் உங்கள் கணிப்பை B நெடுவரிசையில் வைத்து. யுகேஜி 4.0 என்று நினைத்தது சரியாக வந்து, காற்றாலைப் பங்கு மட்டும் 25 சதவீதத்துக்குப் பதில் 18 ஆகியிருந்தால், சராசரி 7.75-லிருந்து 8.10 ஆகிறது. 4.0-ஆல் பெருக்கினால் 32.40. தவறியது எந்த எண் என்று தெரிந்துவிட்டது. டிசம்பருக்கான கணிப்பில் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.